கடலூர் அம்மாவா, மஞ்சக்கதவா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே நார்த்தங்காய், பூண்டு, மாவடு ஊறுகாயும் இட்லிப் பொடி, முறுக்கு, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் செய்து மூன்று ஆண்டுகளாகத் தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். எங்கள் வீட்டு வாசல் கதவு மஞ்சள் நிறம் என்பதால் பக்கத்துத் தெருக்களில் என்னை 'மஞ்சக்கதவு அக்கா' என்பார்கள். இப்போது புதுச்சேரிக் கடை ஒன்று மாதம் 200 பாட்டில் கேட்கிறது. லேபிளில் பெயர் இருக்க வேண்டும் என்கிறது. 'கடலூர் அம்மா வீட்டு ஊறுகாய்' என்று வைக்க எனக்கு ஆசை. 'ஸ்ரீ லட்சுமி ஃபுட்ஸ்' என்று வைக்கச் சொல்கிறாள் மகள். 5,000 ஸ்டிக்கராக அடித்தால் மலிவு என்கிறார் அச்சகக்காரர். எந்தப் பெயரை வைக்கலாம்? அதை எப்படிப் பதிவு செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். அச்சகத்துக்கு இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லி, அந்த 5,000 ஸ்டிக்கரை நிறுத்தி வையுங்கள். நீங்கள் எழுதிய இரண்டு பெயர்களுமே உங்களுக்குச் சொந்தமாக நிற்கக்கூடியவை அல்ல. நிற்கக்கூடிய பெயர் ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, ஆனால் அதை நீங்கள் பெயராக எண்ணாமல் தகவலாக எழுதிவிட்டீர்கள்.

டிரேட்மார்க் எனப்படும் வணிகக் குறிகளைப் பதிவு செய்யும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, பொருளின் வகை, தரம், பயன், அது விளையும் அல்லது செய்யப்படும் ஊர் ஆகியவற்றை மட்டுமே சொல்லும் சொற்களைத் தனி ஒருவருக்கு உரிமையாக்கக் கூடாது என்கிறது. காரணம் எளிது. கடலூரில் ஊறுகாய் போடும் எவரும் தம் பாட்டிலில் 'கடலூர் ஊறுகாய்' என்று எழுத வேண்டியிருக்கும். அந்தச் சொற்களை உங்களுக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் தங்கள் சரக்கு இன்னதென்று சொல்லவே வழியிருக்காது. உங்கள் பெயரில் 'கடலூர்' ஊரைச் சொல்கிறது, 'ஊறுகாய்' பொருளைச் சொல்கிறது, 'வீட்டு' செய்முறையைச் சொல்கிறது. மிஞ்சுவது 'அம்மா' மட்டுமே. அதுவோ தமிழ்நாட்டில் உணவுப் பொருள் விற்கும் பாதிப் பேர் கையில் எடுக்கும் சொல். மாநில அரசே 2014இல் 'அம்மா உப்பு' என்று விற்பனைக்குக் கொண்டுவந்த சொல்.

இந்த நான்கு சொற்களையும் ஒரு பெண்மணியின் படத்தோடு அழகான லேபிளாக வரைந்து பதிவு செய்துவிடலாம் என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். அப்படிப் பதிவு கிடைக்கவும் கூடும். ஆனால் அதே சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒரு குறியை முழுமையாகப் பதிவு செய்தவருக்கு அதன் பொதுவான உறுப்புகளின் மேல் தனி உரிமை கிடையாது. நாளைக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ஒருவர் வேறு படம் போட்டு 'கடலூர் அம்மா ஊறுகாய்' என்று இறக்கினால், உங்கள் சான்றிதழைக் காட்டி அவரைத் தடுப்பது மிகக் கடினம். சட்டத்தின் உதவி வேண்டியிருக்கும் நாளில் உதவாத பெயருக்காக நீங்கள் செலவழித்திருப்பீர்கள்.

இதைவிட முக்கியமானது, தொழில் வளர்ந்தால் அந்தப் பெயர் பொய்யாகிவிடும் என்பது. மாதம் 200 பாட்டில் 2,000 ஆகும்போது உங்கள் சமையலறை போதாது. முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள்ளோ, சேதராப்பட்டுப் பக்கமோ ஒரு ஷெட் எடுத்து வேலைக்கு நான்கு பேரை வைப்பீர்கள். லேபிளின் பின்பக்கத்தில் தயாரித்த இடத்தின் முகவரி புதுச்சேரி என்று இருக்கும், முன்பக்கத்தில் 'கடலூர்' என்று இருக்கும். 'வீட்டு' என்ற சொல்லுக்கோ தனியாகவே ஒரு விதி உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்கும் வகுத்த ஒழுங்குமுறைகளின்படி, வீட்டில் செய்தது, வீட்டில் சமைத்தது போன்ற சொற்களை வாங்குபவருக்குத் தவறான எண்ணம் தரும்படி பயன்படுத்தக் கூடாது. இன்றைக்கு உங்களுக்கு அந்தச் சொல் உண்மை. கிரைண்டர் ஷெட்டுக்குப் போன நாளிலிருந்து அது உண்மையல்ல. பாரம்பரியம், அசல், தூய, இயற்கை போன்ற சொற்களைப் பிராண்டுப் பெயருக்குள் நுழைப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்தச் சொல் வாங்குபவரைத் திசைதிருப்பக்கூடியதாக இருந்தால், இது வெறும் பெயர்தான், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது என்ற வாசகத்தைக் குறைந்தது 3 மில்லிமீட்டர் எழுத்தில் லேபிளிலேயே அச்சிட வேண்டும். தன் பெயரை நம்ப வேண்டாம் என்று தானே எழுதி ஒட்டிக்கொள்ளும் நிலை எந்த ஊறுகாய்க்கும் வர வேண்டாம்.

பெயருக்குள்ளேயே 'ஊறுகாய்' இருப்பதும் சிக்கல்தான். இட்லிப் பொடிப் பாக்கெட்டில் 'கடலூர் அம்மா வீட்டு ஊறுகாய்' என்று அச்சிட முடியாது. அதற்கு வேறு பெயர், முறுக்குக்கு வேறு பெயர் என்று போனால் கடைக்காரர் அலமாரியில் மூன்று அந்நியர்களாக நிற்பீர்கள்.

மகள் சொன்ன 'ஸ்ரீ லட்சுமி ஃபுட்ஸ்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வணிகக் குறிப் பதிவேட்டில் உணவுப் பொருள் வகுப்புகளில் 'லட்சுமி' என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். அவற்றில் ஏதாவதொன்றைக் காட்டி ஆட்சேபம் எழுவது ஏறத்தாழ உறுதி. தெய்வப் பெயரை எந்த ஒருவரும் தமக்கே உரியது என்று முழு உரிமை கோர முடியாது என்பதே நீதிமன்றங்களின் போக்கு. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைப் பதிவு செய்ய முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மகளுக்கு அந்தப் பெயர் மேல் பக்தி இருந்தால் நிறுவனத்தின் பெயராக பில்லில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் முகப்புக்கு அது வேண்டாம்.

இனி உங்கள் கடிதத்தில் மஞ்சள் கதவைப் பற்றிய அந்த ஒரு வரிக்கு வருகிறேன். நெல்லையப்பர் கோயில் எதிரே மங்கலான விளக்கொளியில் மாலை நேரத்தில் அல்வா விற்ற கடையை மக்களே 'இருட்டுக்கடை' என்று அழைத்தார்கள். அல்வாவின் நெய்யைப் பற்றியோ கோதுமைப் பாலைப் பற்றியோ திருநெல்வேலியைப் பற்றியோ அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. அதனால்தான் அது அந்தக் கடையை மட்டுமே சுட்டும் பெயராக நின்றது. வேறொருவர் அந்தச் சொல்லைச் சேர்த்துக் குறியொன்றைப் பதிவு செய்து அல்வா விற்றபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தாலும், முன்பிருந்தே அந்தப் பெயரில் நேர்மையாக வணிகம் செய்து வந்தவருடைய உரிமையே மேலானது என்று 2015இல் தீர்ப்பாயிற்று. உங்கள் விஷயத்தில் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. வாங்குபவர்கள் தாமாகவே வைத்த பெயர் பெரும்பாலும் பொருளை வருணிக்காது, ஆளையோ இடத்தையோ அடையாளம் காட்டும். அப்படிப்பட்ட பெயர்தான் சட்டத்திலும் வலுவாக நிற்கும். அடுத்தது, பதிவேட்டில் இல்லாத முந்தைய பயனாளர் ஒருவர் எங்கேயாவது இருக்கலாம் என்பது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

'மஞ்சக்கதவு' என்ற பெயரை எல்லா விதத்திலும் சோதித்துப் பார்த்தேன். ஊறுகாய்க்கும் கதவுக்கும் சம்பந்தமில்லாததால் 9ஆவது பிரிவின் ஆட்சேபம் எளிதில் எழாது. ஊறுகாய், பொடி, முறுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் பொருந்தும். கடையில் நின்று "ஒரு மஞ்சக்கதவு நார்த்தங்காய் குடுங்க" என்று கேட்க முடிகிறது. மளிகைப் பொருளின் பெயருக்கு இந்த வாய்ச்சோதனையைவிடக் கடுமையான சோதனை எதுவும் கிடையாது. பாட்டிலில் வரைவதற்கு ஒரு படமும் தானாக வந்துவிடுகிறது. நாளைக்கு நீங்கள் வீடு மாறினாலும், கதவுக்கு நீல வண்ணம் அடித்தாலும் பெயர் பொய்யாகாது, ஏனென்றால் பொருளைப் பற்றி அது எதையும் வாக்களிக்கவில்லை. 'அக்கா'வை மட்டும் விட்டுவிடுங்கள். மகளோ வேறு கூட்டாளியோ சேரும்போது அது இடிக்கும்.

கெடிலம் ஆற்றின் பெயரை வைக்கலாமே என்று கடலூர்க்காரர்கள் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். ஊறுகாய்க்கு அந்தப் பெயர் ஆகாது. பாட்டிலைக் கையில் எடுத்தவர் முதல் இரண்டு எழுத்தைப் படித்ததும் 'கெடு' என்ற சொல்தான் மனதில் விழும்.

'மஞ்சக்கதவு' பெயரிலும் ஒரு முடிச்சு உண்டு. நீங்கள் மஞ்சள் தூள் விற்கத் தொடங்கினால், 'மஞ்ச' என்ற பகுதி அந்தப் பாக்கெட்டில் மட்டும் பொருளைச் சொல்வதாக ஆகிவிடும். வணிகக் குறிப் பதிவகத்தின் பரிசோதனை அலுவலர் அதைச் சுட்டிக்காட்டலாம், வாங்குபவரும் குழம்பலாம். ஆகவே விண்ணப்பத்தில் பொருள்களின் பட்டியலை எழுதும்போது மஞ்சள் தூளைத் தனியாகக் குறிப்பிடாமல், இப்போது நீங்கள் செய்யும் பொடிகளையும் பலகாரங்களையும் மட்டும் எழுதுவது நல்லது.

எழுத்து வடிவத்தையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பேச்சில் உள்ளபடியே 'மஞ்சக்கதவு' என்று ஒரே சொல்லாகத் தமிழில் பெரிதாகவும், அதன் கீழே சிறிதாக ஆங்கில எழுத்திலும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் MANJAKADHAVU, MANJAKATHAVU, MANJAKKADHAVU என்று மூன்று விதமாக எழுதலாம். ஒன்றைத் தேர்ந்து லேபிள், பில், இன்ஸ்டாகிராம், வங்கிக் கணக்கு என எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். நான் முதலாவதைப் பரிந்துரைக்கிறேன், 200 கிராம் பாட்டிலின் வளைவில் ஒரே வரியில் அடங்குவதற்காக. ஆங்கிலமோ இந்தியோ அல்லாத எழுத்தில் உள்ள குறிக்கு, விண்ணப்பத்தில் அதன் உச்சரிப்பை ஆங்கில எழுத்திலும் பொருளை ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்பதால் இந்த முடிவு அங்கேயும் தேவைப்படும்.

பெயர் பிடித்திருந்தாலும் அது உங்களுக்குக் கிடைக்குமா என்பதைத் தேடிப் பார்த்த பிறகே சொல்ல முடியும். ipindia.gov.in தளத்தில் வணிகக் குறிகளுக்கான பொதுத் தேடல் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் ஊறுகாய்கள் 29ஆவது வகுப்பில் வரும். இட்லிப் பொடி, மசாலாப் பொடி, அரிசி மாவு முறுக்கு ஆகியவை 30ஆவது வகுப்பில் வரும். வீட்டிலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரு வகுப்பில் மட்டும் தேடிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டிலும் தேடுங்கள். சொல் தேடலில், முழுப் பெயராக மட்டும் பாராமல் அந்த எழுத்துகளை உள்ளடக்கிய பெயர்களைக் காட்டும் 'Contains' முறையில் MANJA, KADHAVU, KATHAVU என்று தனித்தனியாகப் போடுங்கள். பிறகு ஒலி ஒப்புமையைக் காட்டும் 'Phonetic' தேடலிலும் போடுங்கள். பொருள் ஒன்றாக இருப்பதும் ஆட்சேபத்துக்குக் காரணமாகலாம் என்பதால் YELLOW DOOR என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒலியில் சிறிது ஒத்திருந்தால் என்ன, அவர் விற்பது வேறு பொருள்தானே என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. 'குளூகோவிடா' என்ற பெயரில் குளுக்கோஸ் தூள் விற்ற நிறுவனம், 'குளுவிடா' என்று பிஸ்கட்டுக்குப் பெயர் பதிவு செய்ய வந்தவரை எதிர்த்த வழக்கில், 1959இல் உச்ச நீதிமன்றம் இரண்டு பெயரும் குழப்பம் தருபவை என்றது. குளுக்கோஸும் பிஸ்கட்டும் வேறு வேறு சரக்கானாலும் வாங்குபவர் மனதில் அவற்றுக்குத் தொடர்பு உண்டு என்பதையும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொண்டது. வாங்குபவர் இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, அரைகுறை நினைவோடுதான் கடைக்கு வருகிறார் என்பதே இத்தகைய வழக்குகளின் அடிப்படை. ஆகவே 30ஆவது வகுப்பில் யாராவது அப்பளத்துக்கு ஒத்த பெயர் வைத்திருந்தால், நான் ஊறுகாய்தானே போடுகிறேன் என்று கடந்து போகாதீர்கள்.

தேடலில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதன் நிலை இருக்கும். 'Registered' என்றிருந்தால் அது உயிரோடு இருக்கிறது. 'Objected', 'Opposed' என்றிருந்தால் இன்னும் முடிவாகவில்லை. அதுவும் உங்களுக்குத் தடையே. 'Abandoned', 'Refused' என்றிருந்தால் தடை நீங்கியது என்று நினைத்துவிடக் கூடாது, விண்ணப்பத்தைக் கைவிட்டவர் வியாபாரத்தைக் கைவிட்டிருக்க மாட்டார். அவர் இன்றும் விற்றுக்கொண்டிருந்தால், இருட்டுக்கடை வழக்கில் பார்த்தபடி, முந்தைய பயனாளர் என்ற உரிமை அவருக்கு உண்டு. அதனால் திரையில் தேடியதோடு நிற்காமல், புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலும் கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் மளிகைக் கடைகளிலும் ஊறுகாய் அலமாரியைக் கண்ணால் பார்த்து, இன்ஸ்டாகிராமிலும் கூகுள் வரைபடத்திலும் அந்தப் பெயரைத் தட்டிப் பாருங்கள். எங்காவது தட்டுப்பட்டால் கவலைப்படாதீர்கள். உங்களிடம் வாங்குபவர்கள் பத்துப் பேரிடம், எங்கள் ஊறுகாயை வீட்டில் என்ன சொல்லிக் கேட்பீர்கள் என்று விசாரித்தால் அடுத்த பெயர் கிடைத்துவிடும்.

தேடல் சுத்தமாக இருந்தால் TM-A என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை கிண்டியில் உள்ள பதிவகமே பொறுப்பு என்பதால் கடலூர் முகவரியா, புதுச்சேரி முகவரியா என்பது இங்கே பிரச்சினையில்லை. தனிநபர் இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். உங்களுக்கு இரண்டு வகுப்புகளுக்கு 9,000 ரூபாய் அரசுக் கட்டணம் ஆகும். கையில் இப்போது பணம் குறைவென்றால் 29ஆவது வகுப்பை முதலில் போடுங்கள், கடை கேட்பது ஊறுகாய் என்பதால். பொடிகளைக் கடையில் வைப்பதற்கு முன் 30ஐயும் போட்டுவிட வேண்டும்.

விண்ணப்பதாரர் பெயர் உங்கள் பெயராகவே இருக்கட்டும். பெயரை நானே பதிவு செய்து தருகிறேன், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சரக்கு எடுக்கும் கடைக்காரர் அன்போடு சொல்வதுண்டு. அந்த அன்பை ஏற்றுக்கொண்ட ஒருவர், வேறு கடைக்கு விற்கப் போன நாளில் தம் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்ற வக்கீல் நோட்டீஸோடு என்னிடம் வந்திருக்கிறார்.

படிவத்தில் இந்தப் பெயரை எந்த நாளிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற கேள்வி வரும். மூன்று ஆண்டு என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த மூன்று ஆண்டும் 'மஞ்சக்கதவு' என்பது அண்டை வீட்டார் வாயில்தான் இருந்தது, உங்கள் பாட்டிலிலோ பில்லிலோ இல்லை. முந்தைய பயன்பாட்டைக் கோரினால் அதற்குப் பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும் தர வேண்டும், நாளைக்கு யாராவது எதிர்த்தால் முதலில் அந்தத் தேதியைத்தான் கிழிப்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லி வந்த வாட்ஸ்அப் ஆர்டர்கள் தேதியோடு உங்களிடம் இருந்தால், அவற்றை இன்றே சேமித்து வழக்கறிஞரிடம் காட்டி, எந்தத் தேதியைக் கோரலாம் என்று கேளுங்கள். இல்லையென்றால் இனிமேல் பயன்படுத்த உள்ள பெயர் என்று போடுவதே பாதுகாப்பு. எப்படியானாலும் புதுச்சேரிக் கடைக்குப் போடும் முதல் பில்லிலிருந்தே 'மஞ்சக்கதவு நார்த்தங்காய் ஊறுகாய், 200 கிராம்' என்று பெயரோடு எழுதுங்கள். பயன்பாட்டுக்கு அதைவிட நல்ல சாட்சி பிறகு கிடைக்காது.

விண்ணப்பம் போட்டதும் பெயருக்குப் பக்கத்தில் சிறிதாக TM என்று அச்சிடலாம். வட்டத்துக்குள் R எழுத்துள்ள குறியைச் சான்றிதழ் வந்த பிறகே போட வேண்டும், பதிவாகாத பெயரைப் பதிவானதாகக் காட்டினால் சட்டப்படி அபராதம் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் வாங்கியதாலோ, உத்யம் பதிவில் அந்தப் பெயரைக் கொடுத்ததாலோ பெயர் உங்களுடையதாகிவிடாது. அவை நீங்கள் தொழில் நடத்துவதற்கான பதிவுகள், பெயருக்கான உரிமை அல்ல. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்திருப்பவர்களை வாரந்தோறும் சந்திக்கிறேன்.

கருவாட்டுத் தொக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெயரோடு மிகவும் பிணைந்த கேள்வி அது. மாவடு பாட்டிலில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமும், நெத்திலித் தொக்கில் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணமும் இருக்கும். விதிப்படி அது போதும்; ஒரே பெயரில் இரண்டையும் விற்கச் சட்டம் தடுக்காது. ஆனால் மாவடுவும் நார்த்தங்காயும் வாங்குபவர்களில் வீட்டுக்குள் மீன் வாசனையே கூடாது என்பவர்கள் கணிசமாக இருப்பார்கள். அதே கதவுப் படத்தைக் கருவாட்டு பாட்டிலில் பார்த்த நாளிலிருந்து, ஒரே கரண்டியாக இருக்குமோ, ஒரே எண்ணெயாக இருக்குமோ என்ற சந்தேகம் அவர்களுக்கு வரும். அதைக் கடைக்காரரிடம் சொல்லமாட்டார்கள், வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். கடலூர்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கருவாட்டை விட்டுவிடச் சொல்லவும் எனக்கு மனமில்லை, புதுச்சேரியில் நல்ல நெத்திலித் தொக்குக்கு விலை கிடைக்கும். ஆகவே தொக்குக்கு வேறு பெயர், வேறு நிறம், வேறு படம் வையுங்கள். கதவின் சாயல்கூட அதில் வேண்டாம். மாதம் எத்தனை பாட்டில் போகிறது என்று பார்த்துவிட்டு அந்த இரண்டாவது பெயரை மெதுவாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

கடையைக் காத்திருக்க வைக்கவும் வேண்டாம். தேடல் முடிய ஒரு வாரம் போதும். அதன் பிறகு முதல் சரக்குக்கு 300 ஸ்டிக்கர் மட்டும் டிஜிட்டல் முறையில் அடியுங்கள்; ஒன்றுக்கு ஓரிரண்டு ரூபாய் கூடுதலாகும், பரவாயில்லை. முகப்பில் 'மஞ்சக்கதவு' எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 'நார்த்தங்காய் ஊறுகாய்' என்ற பொருளின் பெயரும் முகப்பிலேயே தெளிவாக இருக்க வேண்டும், பிராண்டுப் பெயர் அதற்கு ஈடாகாது. 5,000 ஸ்டிக்கரை, வணிகக் குறிப் பதிவகத்தின் பரிசோதனை அறிக்கை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அறிக்கை விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஆட்சேபம் நீங்கி அரசின் வணிகக் குறி இதழில் பெயர் வெளியானால், அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். எவரும் எதிர்க்கவில்லையென்றால் சான்றிதழ் வரும், விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தை முகவர் மூலம் போட்டாலும் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே தளத்தில் நிலையை நீங்களே பாருங்கள். முகவர் அலுவலகத்து மின்னஞ்சலில் அறிக்கை படிக்கப்படாமல் கிடந்து காலாவதியான விண்ணப்பங்கள் இந்தப் பகுதியில் ஏராளம்.